கெப்ஸ் லொக்கும் பாமினியும்: ஆறு வருட அனுபவம்

திருகோணமலையில் ஒரு சின்ன தட்டச்சுக் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். விண்ணப்பம், சங்கக் கடிதம், காணிக் கடிதம் என்று ஒரே பக்கத்தில் ஆங்கிலமும், பாமினி எழுத்துருவில் அடிக்கும் தமிழும் மாறி மாறி வரும். இத்தனை நாளில் என்னை அதிகம் அலைக்கழித்தது கெப்ஸ் லொக் விசைதான்.

ஆங்கிலத்தில் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். விசை விழுந்து பெரிய எழுத்து நிலைக்குப் போயிருப்பது தெரியாமல், பழக்கத்தில் முதல் எழுத்துக்கு ஷிப்ட்டை அழுத்துவோம். விண்டோஸில் இரண்டும் சேர்ந்தால் அந்த எழுத்து சின்னதாகிவிடும், மற்றவை எல்லாம் பெரிதாகும். Mutur என்று அடித்தது mUTUR என்று நிற்கும். பாமினியில் இதே தவறு வேறு முகம் காட்டும். அங்கே சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள்: f என்றால் க, F என்றால் கு. குளம் என்ற சொல்லைப் பாருங்கள்:

```
Fsk;   குளம்
fSK;   களுமு்
```

கு இருந்த இடத்தில் க வந்துவிட்டது, ள ளுவாகவும் ம முவாகவும் மாறிவிட்டன. புள்ளி மட்டும் தப்பிவிட்டது, ஏனென்றால் அது ; விசை. கெப்ஸ் லொக் எழுத்து விசைகளை மட்டும்தான் தொடும்.

ஒரு நாள் கிண்ணியாவில் இருந்து வந்த அம்மா ஒருவர், கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது என்ன எழுத்து? என்ர ஊர்ப் பேரே இல்லையே” என்றார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக்கொண்டே அரைப் பக்கம் அடித்திருந்தேன், திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப அடித்தேன். அது தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாமினி எழுத்துருவுக்கு அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தானே. பிழைத்த பகுதியைத் தெரிவு செய்து, வேர்டில் Home பட்டியில் உள்ள Aa பொத்தானைத் திறந்து tOGGLE cASE கொடுத்தால் போதும், பெரியது சின்னதாகும், சின்னது பெரிதாகும், தமிழ் அப்படியே திரும்பி வந்துவிடும். ஆனால் பிழைத்த பகுதியை மட்டும்தான் தெரிவு செய்ய வேண்டும், சரியாக இருக்கும் வரியும் சேர்ந்தால் அது கெட்டுவிடும். யுனிகோட் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லாததால் அங்கே இது ஒன்றும் செய்யாது.

Shift+F3 விசையைப் பாமினியில் தொடவே வேண்டாம். அது எல்லா எழுத்தையும் சின்னதாக்கும், எல்லாவற்றையும் பெரிதாக்கும் அல்லது முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். எது க, எது கு என்ற வேறுபாடே அழிந்துபோகும். அழுத்திவிட்டால் உடனே Ctrl+Z.

வேர்டின் AutoCorrect பட்டியலிலும் கவனம் வேண்டும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவு மரம் என்பதை முரம் ஆக்கும். சொல்லின் முதல் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் தெரிவு FUtp என்று அடித்த குருவியைக் குரவி ஆக்கிவிடும். பாமினி வேலைக்கு இரண்டையும் அணைத்து வைத்திருக்கிறேன்.

சரி, விசை ஏன் விழுகிறது? சுண்டுவிரல் a விசைக்குப் போகும்போது இடது பக்கம் சறுக்குவது ஒன்று. பாமினியில் a என்பது ய, அது அடிக்கடி வரும். ஆனால் என் விடயத்தில் பெரிய காரணம் வேறு. ஒரே ஒரு பெரிய எழுத்துக்குக்கூட நான் கெப்ஸ் லொக்கை அழுத்தி, எழுத்தை அடித்து, மறுபடி அழுத்துவேன். தட்டச்சு பழகிய நாளில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அழுத்தம் ஒரு தடவை தவறினால் போதும், அதற்குப் பின் வரும் எல்லாம் தலைகீழ்.

முதலில் விண்டோஸில் Toggle keys என்ற வசதியைப் போட்டேன். விசை விழுந்தால் ஒரு சத்தம், எழுந்தால் வேறு சத்தம். எங்கள் கடையின் கம்பியில்லா விசைப்பலகையில் விளக்குக்கூட இல்லை, அதனால் சத்தம் நன்றாக உதவியது. மூன்று மாதம் அதோடு ஓடியது. ஆனால் ஃபோட்டோ கொப்பி இயந்திரம் ஓடும் நேரம் கேட்பதில்லை.

அப்புறம் மைக்ரோசொஃப்ட்டின் PowerToys நிரலில் Keyboard Manager வழியாக கெப்ஸ் லொக்கை இடது ஷிப்ட்டாக மாற்றினேன். இரண்டு வருடமாக அதுதான். இப்போது விரல் சறுக்கினாலும் கெடுவது ஒரு எழுத்துதான். பழைய கைப்பழக்கம் போக எனக்கு மூன்று வாரம் பிடித்தது, அந்த நாட்களில் வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஒரு குறை: நிரல் ஓடும்போதுதான் மாற்றம் இருக்கும். உள்நுழையும் திரையில் விசை பழைய வேலையையே செய்யும், ஆகவே கடவுச்சொல் ஏற்காவிட்டால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். முழுக்கப் பெரிய எழுத்தில் தலைப்பு வேண்டுமானால், சாதாரணமாக அடித்துவிட்டு Aa பொத்தானில் UPPERCASE கொடுத்துக்கொள்கிறேன்.