படுக்கையில் போன்: மஞ்சள் திரையா, மங்கல் திரையா?

ராத்திரி படுத்தபடி போன் பார்ப்பவர்களுக்குக் கையில் நாலு வழி இருக்கிறது: திரையை மஞ்சளாக்க போனிலேயே வரும் Night Light, நிறத்தை மாற்ற ப்ளே ஸ்டோரில் இறக்கும் தனிச் செயலி, வெளிச்சத்தை இன்னும் மங்கலாக்கும் Extra dim, பின்னணியைக் கறுப்பாக்கும் டார்க் தீம். நாலையும் ஒரே வேலைக்கு என்று நினைத்துப் பலர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். வேலை வேறு வேறு.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மைனியின் தேவையை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அண்ணன் துபாயில் இருக்கிறான். அங்கே வேலை முடிந்து ஒன்பதரைக்கு அவன் வீடியோ கால் போடும்போது இங்கே மணி பதினொன்று. பக்கத்தில் பிள்ளை உறங்கும். "கண்ணு கூசுது தம்பி, வெளிச்சத்துல பிள்ளையும் முழிச்சிக்கிடுது" என்பார் மைனி.

டார்க் தீமை முதலிலேயே தள்ளிவிடலாம். வாட்ஸ்அப் அரட்டைக்கு அது நல்லது. ஆனால் வீடியோ காலில் திரை முழுக்க அண்ணன் முகமும் அவன் அறையின் வெள்ளைச் சுவரும்தான். தீமுக்கு அங்கே வேலையில்லை. மைனியுடையது எல்சிடி திரை வேறு. கறுப்பைக் காட்டும்போதும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஓஎல்இடி திரையில்தான் கறுப்புப் புள்ளி உண்மையிலேயே அணையும்.

தனிச் செயலிகளில் Twilight பழைய பெயர். இவ்வகைச் செயலி திரைமேல் சிவந்த படலம் ஒன்றைப் போர்த்துகிறது. அதனால் கறுப்பும் லேசாகச் சிவந்து எழுத்து மங்கும். Night Light அப்படியில்லை. திரைக்குப் போகும் நிறத்திலேயே நீலத்தைக் குறைப்பதால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். உங்கள் போனில் இருப்பது எது என்று தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். படம் சிவப்பாக இருந்தால் அது படலம்.

படலத்தில் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு 12 முதல், படலம் 80 விழுக்காட்டுக்கு மேல் அடர்ந்தால் விரல் தொடுவது கீழே உள்ள செயலிக்குப் போகாது. இதைத் தாண்டத்தான் சில செயலிகள் Accessibility அனுமதி கேட்கின்றன. திரையில் இருப்பதைப் படிக்கவும் அந்த அனுமதி வழிவிடும். துபாயிலிருந்து பணம் வந்து சேரும் போனில், வெறும் மஞ்சள் நிறத்துக்காக அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மிஞ்சுவது Night Light-உம் Extra dim-உம். கண்ணில் நேரத்தை உணரும் செல்கள் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்குத்தான் அதிகம் விழிக்கும். ஆகவே நீலத்தைக் குறைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் செல்கள் ஒளியின் அளவையும் பார்க்கின்றன. முழு வெளிச்சத்தில் மஞ்சளாக்கிய திரையும் இருட்டறையில் பெரிய விளக்குதான். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஐபோனில் Night Light போலவே வேலை செய்யும் Night Shift போட்டவர்கள், போடாதவர்கள், படுக்கும் முன் போனே தொடாதவர்கள் ஆகியோரின் உறக்கத்தில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு உறக்கம் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

அதனால் என் வரிசையில் மங்கல்தான் முதலில். முதலில் வெளிச்சக் கோட்டைக் கடைசிவரை இறக்க வேண்டும். அதற்குக் கீழேயும் இறங்க ஆண்ட்ராய்டு 12 முதல் Settings-இல் Accessibility-க்குள் Extra dim இருக்கிறது. மைனிக்கு அதன் அடர்த்தியைப் பாதியில் வைத்தோம். அதன் பிறகு Night Light, இரவு ஒன்பதரை முதல் காலை ஐந்தரை வரை, தானாக வரும்படி. கூசுவது நின்றதற்கு Extra dim-தான் காரணம். Night Light-ஐ மட்டும் போட்டுப் பார்த்தபோது கூச்சம் குறையவில்லை.

Extra dim-இல் ஒரு குறை, காலையில் மறந்து அப்படியே வெளியே போனால் வெயிலில் திரை ஒன்றுமே தெரியாது. போன் செத்துவிட்டது என்றே தோன்றும். மறுதொடக்கத்துக்குப் பின்னும் நீடிக்கச் சொல்லும் Keep on after device restarts பொத்தானை அணைத்து வையுங்கள். அப்போது போனை ஒருமுறை அணைத்துப் போட்டாலே திரை பழையபடி வந்துவிடும்.

இன்னொன்று, வீடியோ காலில் மட்டும் வருவது. மைனியின் திரை மஞ்சளாவது அண்ணனுக்குத் தெரியாது, கேமரா படம் மாறுவதில்லை. ஆனால் அதுவரை மைனியின் முகத்துக்கு வெளிச்சம் தந்ததே அந்தத் திரைதான். அது மங்கியதும் "எங்கே இருக்கே, முகமே தெரியலையே" என்றான் அண்ணன். மஞ்சள் சீரோ பல்பை, பிள்ளை படுத்திருக்கும் பக்கத்திலிருந்து எடுத்து, போனுக்குப் பின்னால் சுவரில் மாட்டினோம். முகம் தெரிகிறது. பிள்ளை கண்ணுக்கும் நேராக விழுவதில்லை.