ஸ்லீவ், பைபாஸ், 800 கலோரி டயட்: டெஸ்டோஸ்டிரோனுக்கும் விறைப்புக்கும் எது எவ்வளவு கைகொடுக்கும்?

எடை 120, 130 கிலோ. விறைப்பு முன்பு போல இல்லை. ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. இப்படி வரும் ஆணுக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று அறுவை சிகிச்சை: இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடும் ஸ்லீவ், அல்லது இரைப்பையைச் சின்னப் பையாகச் சுருக்கிக் குடலை அதோடு இணைக்கும் பைபாஸ். இரண்டாவது, நாளுக்கு 800 கலோரிக்குள் 8 முதல் 12 வாரம் வரை ஓட்டும் கடும் டயட். மூன்றாவது, எடை இருக்கட்டும் என்று விட்டுவிட்டு நேராக டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன், குறைவு எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். உடல் பருமனில், டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் விந்தகம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன், இன்சுலின் எதிர்ப்பு, உடலில் ஓயாமல் இருக்கும் மெல்லிய அழற்சி எல்லாம் சேர்ந்து மூளையிலிருந்து வர வேண்டிய உத்தரவை அடக்கிவிடுகின்றன. அந்த உத்தரவைச் சுமந்துவரும் எல்எச் என்ற ஹார்மோனின் அளவு பரிசோதனையில் உயராமல் கீழ்ப்பக்கமே நிற்பது இதனால்தான். எல்எச் உயர்ந்திருந்தால் கோளாறு விந்தகத்திலேயே இருக்கிறது என்று பொருள். அப்போது எந்த அறுவை சிகிச்சையும் எந்த டயட்டும் அதைச் சரிசெய்யாது. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150 நானோகிராமுக்கும் கீழே போய், எல்எச்சும் தாழ்ந்திருந்தால் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியையும் அது சுரக்கும் புரோலாக்டின் ஹார்மோனையும் பார்க்காமல் பழியை எடைமேல் போடக் கூடாது. (இந்தக் கட்டுரையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கில்.)

எண்ணில் யார் முன்னால்?

எண்ணை மட்டும் பார்த்தால் அறுவை சிகிச்சைதான். 2013-இல் பல ஆய்வுகளைத் திரட்டி வெளியான ஓர் அலசலில், கலோரி குறைத்த டயட்டில் எடை ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கியது, மொத்த டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 84 நானோகிராம் ஏறியது. அறுவை சிகிச்சையில் எடை 32 சதவீதம் இறங்கியது, டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 250 நானோகிராம் ஏறியது. இதைக் கத்தியின் மகிமை என்று படிக்கக் கூடாது. மூன்று மடங்கு எடை போனது, மூன்று மடங்கு ஹார்மோன் வந்தது, அவ்வளவுதான். எந்த வழி என்பதைவிட எவ்வளவு எடை போயிற்று, அது போன இடத்திலேயே நின்றதா என்பதே முக்கியம்.

சரி, அந்த 250-ம் உடம்புக்குப் பயன்படுகிறதா? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. அதில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் புரதம் எஸ்எச்பிஜி. பருமனும் கொழுப்புக் கல்லீரலும் இருக்கும்போது கல்லீரல் இதைக் குறைவாகவே சுரக்கிறது. எடை வேகமாக இறங்கத் தொடங்கியதும், இன்சுலின் அளவு தணிய, எஸ்எச்பிஜி மளமளவென்று ஏறுகிறது, சில வாரங்களிலேயே இரட்டிப்பாவதும் உண்டு. பிடித்துவைக்கும் புரதம் கூடினால் மொத்த அளவும் கூடும். ஆனால் திசுவுக்குள் போய் வேலை செய்யும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் அந்த அளவுக்குக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 43 வயது, 173 சென்டிமீட்டர் உயரம், 128 கிலோ எடை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஸ்லீவ் செய்வதற்கு முன் மொத்த டெஸ்டோஸ்டிரோன் 210, எஸ்எச்பிஜி லிட்டருக்கு 15 நானோமோல், டெஸ்டோஸ்டிரோனைத் தளர்வாகப் பிடிக்கும் இன்னொரு புரதமான அல்புமின் சாதாரணம். வழக்கமான சூத்திரத்தில் போட்டால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 58 பிகோகிராம் வருகிறது, அதாவது குறைவு. எட்டாவது வாரம் மொத்த அளவு 320, எஸ்எச்பிஜி 33. அறிக்கையைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு ஏறியதுபோல் இருக்கிறது. கட்டற்ற அளவோ 63தான், கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆறாம் மாதம் மொத்த அளவு 400-ம் எஸ்எச்பிஜி 40-ம் என்றால் கட்டற்றது 72. எடை இறங்கி நிலைத்த பிறகு, பதினெட்டாம் மாதத்தில் 460-ம் 40-ம் என்றால் 85. மொத்த அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய இடத்தில் கட்டற்றது பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கூடியிருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அறிக்கை காட்டும் அளவுக்கு இல்லை. “நார்மல் ஆயிடுச்சே, ஏன் ஒண்ணும் மாறல?” என்று எட்டாவது வாரத்தில் கேட்பவருக்கான பதில் அந்த 63-இல் இருக்கிறது.

முதல் மூன்று மாதம்: இரண்டும் ஒரே டயட்தான்

அறுவை சிகிச்சையையும் கடும் டயட்டையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். ஆனால் ஸ்லீவோ பைபாஸோ ஆனவர் முதல் சில வாரங்களில் சாப்பிடுவது நாளுக்கு 800 கலோரிகூட இருக்காது. அதாவது அந்தக் கட்டத்தில் அவரும் அதே கடும் டயட்டில்தான் இருக்கிறார். சோர்வு, குளிர்தல், ஆசை குறைதல், காலை விறைப்பு காணாமல் போதல் இரு பக்கமும் வரலாம். பட்டினியை உணர்ந்தால் மூளை இனப்பெருக்கத்தை ஒத்திவைக்கும். இதன் கொடிய வடிவத்தை 1944-45-இல் மின்னசோட்டா பட்டினிச் சோதனையில் பார்த்தார்கள். சாதாரண எடையுள்ள 36 இளைஞர்கள் ஆறு மாதம் பாதி உணவில் இருந்து, உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். பாலுறவு ஆர்வம் அவர்களிடம் அறவே வற்றிப்போனது.

பருமனானவருக்கு அந்த அளவுக்கு நேராது. கையிருப்புக் கொழுப்பு இருக்கிறது, கூடவே எடை குறைவதால் வரும் நன்மையும் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதனால்தான் அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது, ஒல்லியானவருக்கு அதே டயட்டில் விழுகிறது. ஆகவே 78 கிலோவில் இருந்துகொண்டு வயிற்றுத் தொப்பை மட்டும் போக வேண்டும் என்று 800 கலோரியில் இறங்குபவர் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அவருக்கு அது நேர் நஷ்டம்.

இந்த மூன்று மாதத்தில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் புரதம். நாளுக்கு 60 முதல் 80 கிராமாவது போக வேண்டும். பாதிகூடப் போகாதவர்களுக்குத் தசை கரைகிறது, சோர்வு கூடுகிறது. பைபாஸில் பி12 சரியாக உறிஞ்சப்படாது. மாத்திரையையோ ஊசியையோ விட்டுவிட்டால் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் பாதத்தில் மதமதப்பு தொடங்கும். நரம்பு கெட்டால் விறைப்பும் கெடும், டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

விறைப்பு: ஹார்மோனோடு கூடவே வருவதில்லை

விறைப்பு என்பது முதலில் ரத்தக் குழாயின் வேலை. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வேண்டும், அதனால் குழாய் விரிய வேண்டும். இன்சுலின் எதிர்ப்பு குறைந்தால் இது சீக்கிரமே மேம்படும். ஆஸ்திரேலியாவில் பருமனான ஆண்களுக்கு உணவுக்குப் பதில் புரதப் பானம் கொடுத்துச் செய்த ஆய்வில், 8 வாரத்தில் ஏறத்தாழ 10 சதவீத எடை குறைந்ததற்கே விறைப்பும் ஆசையும் கூடின, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும்கூட. ஆக, இந்தப் பந்தயத்தில் டயட் அறுவை சிகிச்சைக்கு வெகு பின்னால் நிற்கவில்லை. அவசரமே இல்லாத வழியும் வேலை செய்கிறது: இத்தாலியில் விறைப்புக் குறைபாடுள்ள 110 பருமனான ஆண்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். உணவும் நடையும் சீராகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட 55 பேரில் 17 பேருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற 55 பேரில் 3 பேருக்கே.

அறுவை சிகிச்சையின் உண்மையான பலம் அது எடையைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. பன்னிரண்டு வார டயட் முடிந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியவருக்கு எடையும் திரும்புகிறது, எஸ்எச்பிஜியும் டெஸ்டோஸ்டிரோனும் பழைய இடத்துக்கே இறங்குகின்றன. கூடவே ஒன்று: அடிவயிற்றுக் கொழுப்பு மேட்டுக்குள் புதைந்து கிடந்த குறி, 30, 40 கிலோ போன பிறகு பழையபடி வெளியே தெரிகிறது. இதைப் பற்றி ஆலோசனை அறையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் பல ஆண்களுக்கு ரத்தப் பரிசோதனை எண்ணைவிட இதுதான் தன்னம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கிறது.

எல்லாருக்கும் விறைப்பு திரும்பும் என்று சொன்னால் அது பொய். பத்துப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை நோய், கால் மதமதப்பு, காலை விறைப்பே பல வருடமாக இல்லை என்ற நிலையில் குழாயும் நரம்பும் ஏற்கெனவே சேதமாகியிருக்கும். எடை போனாலும் அந்தச் சேதம் முழுதும் ஆறாது.

ஊசி ஏன் இந்தப் பட்டியலில் கடைசி

ஊசி போட்டால் எண் உடனே ஏறும். ஆனால் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் எல்எச் அணைந்துபோகும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தை வேண்டும் என்பவருக்கு இது வேண்டவே வேண்டாம். ரத்தம் தடிக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தியே ஆக வேண்டும். எடையால் வந்த குறைவு எடையோடு போகக்கூடியது என்னும்போது, அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் முன்போ டயட்டின் நடுவிலோ ஊசியைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. தொடங்கிவிட்டால் உடம்பு தானாக எவ்வளவு தேறியிருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும்.

நான் யோசிக்கும் முறை இது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ 40-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்து, சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் சேர்ந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கே என் ஓட்டு. பிஎம்ஐ 32, 33 என்றால் மருத்துவர் கண்காணிப்பில் 12 வாரம் டயட், அப்புறம் அந்த எடையைக் காக்க ஒரு வருடத் திட்டம். அந்த ஒரு வருடம் இல்லாத 12 வாரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எந்த வழியானாலும் தொடங்கும் முன் ஒருமுறை, எடை நின்று மூன்று மாதம் ஆன பிறகு ஒருமுறை, காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, அல்புமின், எல்எச் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நடுவில் எடுத்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எடை வேகமாக இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். பழைய அளவு மாத்திரையையே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், விறைப்பும் தளரும். சில வகை அழுத்த மாத்திரைகள் தாமாகவே விறைப்பைக் கெடுப்பவை. ஆகவே டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு ஓடுவதற்கு முன், இரண்டாவது வாரத்திலேயே அந்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எடை நின்ற பிறகும் விறைப்பு திரும்பாதவருக்குச் சில்டெனாஃபில், டாடாலஃபில் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. முன்பு பலன் தராத மாத்திரை, எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்த உடம்பில் பலன் தரலாம், மறுபடி முயன்று பார்க்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் மட்டும் இவற்றைத் தொடவே கூடாது.