கிரியேட்டின் வாங்கப் போய் ‘மேட்ரிக்ஸ்’ வாங்கிய கதை

திருகோணமலை டவுனில் சப்ளிமெண்ட் வாங்குபவர்கள் கவனிக்க. என் தம்பி உவர்மலைப் பக்கம் ஜிம்முக்குப் போகிறான். வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் கேட்டுத்தான் கடைக்குப் போனான். “அது பழைய சாமான் தம்பி, இதில டோரின், பீட்டெயின் எல்லாம் இருக்கு, ஒரு ஸ்கூப்பில அஞ்சு கிராம் கிரியேட்டின்” என்று சொல்லி 13,500 ரூபாவுக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்கிற ஒரு அமெரிக்கக் கலவை டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதே தட்டில் 300 கிராம் சாதாரண மோனோஹைட்ரேட் 9,000 ரூபாவுக்கு இருந்திருக்கிறது.

டப்பாவின் சத்து அட்டவணைக்கு மேல் கடையின் விலை ஸ்டிக்கர். தேங்காய் எண்ணெய் தடவி உரித்துப் பார்த்தோம். ஒரு ஸ்கூப் 6 கிராம், மொத்தம் 30 ஸ்கூப். கிரியேட்டின், டோரின், பீட்டெயின் என்று பெயர்கள் மட்டும் வரிசையாக. எது எத்தனை கிராம் என்று இல்லை.

இந்த மாதிரிக் கலவையில் எடை கூடியதை முதலில் எழுதுவது அமெரிக்க விதி. பீட்டெயினை வைத்துச் செய்த சோதனைகளில் பொதுவாக நாளுக்கு 2.5 கிராம் கொடுப்பார்கள். இதில் அது கடைசிப் பெயர். அது 2.5 என்றால் டோரினும் கிரியேட்டினும் அதற்குக் குறையக்கூடாது, கூட்டினால் 7.5 கிராம். ஸ்கூப்போ 6. சரி, கடைக்காரர் சொன்னபடி கிரியேட்டின் 5 கிராம் என்றே வைப்போம், அப்போது மற்ற இரண்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒரே ஒரு கிராம். 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டின் ஒன்றிலேயே அவ்வளவு டோரின் இருக்கும். கணவாய் தின்கிற ஊரில் டோரினுக்கு இவ்வளவு காசா!

சேர்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டோரினும் பீட்டெயினும் கிரியேட்டின் போலவே தசைக் கலத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடம்பு தானாகக் கிரியேட்டின் செய்வதற்கு வேண்டிய மெதைல் தொகுதியையும் பீட்டெயின் கொடுக்கும். ஆனால் கிரியேட்டினையே நேரடியாக விழுங்குகிறவனுக்கு அந்த உதவி எதற்கு? 2012இல் பிரேசில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பீட்டெயின் மட்டும் எடுத்தவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் கூடவில்லை. கிரியேட்டினோடு சேர்த்து எடுத்தவர்களுக்கும் கிரியேட்டின் மட்டும் எடுத்தவர்களைவிட மேலதிகப் பலன் இல்லை.

முதல் கிழமையிலேயே தம்பிக்கு எடை ஏறியது. “பாத்தீங்களா, டோரின் வேலை செய்யுது” என்றார் கடைக்காரர். அது கிரியேட்டின் பிடிக்கிற தண்ணீர், மலிவு டப்பாவிலும் ஏறும்.

விலையைப் பாருங்கள்: கலவை ஒரு ஸ்கூப் 450 ரூபா, சாதாரணத்தில் 5 கிராம் 150 ரூபா. டோரின் வேண்டும் என்பவர்கள் தனித்தூளாக வாங்கிப் போடலாம், அளவாவது தெரியும். கலவைதான் வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் நேரே கிராம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஸ்டிக்கரைக் கடையிலேயே உரிக்கச் சொல்லுங்கள். திறந்த டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று எங்களுக்குக் கையை விரித்துவிட்டார்கள்.