மூன்று பொடுகு ஷாம்பு, இரண்டு வருடம்: போத்தலின் பின்பக்கத்தைப் படித்த கதை

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊறிய தலையோடு போய் இறங்கினால் தோளெல்லாம் வெள்ளைத் தூள், கறுப்புச் சேர்ட் போடுவதையே விட்டிருந்தேன். ஒரே ஷாம்பு பாவித்தால் தலைக்குப் பழகிவிடும், மாற்றி மாற்றிப் போடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று போத்தல் வாங்கி வைத்து ஆறு மாதம் மாற்றியும் பார்த்தேன். ஒரு முன்னேற்றமும் இல்லை.

பிறகு ஒருநாள் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால், மூன்றிலுமே சிங்க் பைரிதியோன் என்ற ஒரே மருந்துதான்! நான் மாற்றியது பெயரையும் வாசனையையும் மட்டும். பிரான்சில் இருந்து சித்தி கொண்டுவந்த போத்தலில் வேறு மருந்து, பிரொக்டோன் ஒலமைன். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அழகுசாதனப் பொருட்களில் சிங்க் பைரிதியோனைத் தடை செய்துவிட்டதால் அங்கே ஒரே பெயருள்ள ஷாம்புவிலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். ஆகவே முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

பொடுகுக்குக் காரணம் மலசீசியா என்ற ஒரு பூஞ்சை. எல்லார் தலையிலும் இருக்கிறது, தலை எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்கிறது, அது விடும் கழிவு சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் வேகவேகமாக உரிகிறது. அடியோடு ஒழிக்க முடியாது, குறைத்து வைக்கத்தான் முடியும். இது புரிந்த பிறகுதான் எந்த மருந்தை எப்போது எடுப்பது என்பதும் எனக்குப் புரிந்தது.

தோல் வைத்தியர் எழுதித் தந்தது கீட்டோகோனசோல் 2 சதவீதம். பூஞ்சை தன் உறையைக் கட்டத் தேவையான கொழுப்பை உண்டாக்க விடாமல் தடுக்கும் மருந்து. கிழமைக்கு இரண்டு தரம், புதனும் ஞாயிறும், நாலு கிழமை. முடிக்கு அல்ல, விரலால் வகிடு பிரித்துத் தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் முதலில் பிழை விட்டேன். நுரை வந்ததும் கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை. இப்போது முதலில் ஷாம்பு போட்டுவிட்டு உடம்புக்குச் சவர்க்காரம், முகச்சவரம் எல்லாம் முடித்துக் கடைசியில்தான் தலையைக் கழுவுகிறேன். இரண்டாம் கிழமையில் அரிப்பு நின்றது, நாலாம் கிழமையில் தூளும் இல்லை.

சரி, முடிந்தது என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்று கிழமையில் பழையபடி அரிப்பு. மருந்து தோற்கவில்லை, பராமரிப்பு இல்லாததால் பூஞ்சை மறுபடி பெருகிவிட்டது, அவ்வளவுதான். திரும்ப நாலு கிழமை. அதன் பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கீட்டோகோனசோல், இடையில் கிழமைக்கு இரண்டு தரம் அந்தப் பழைய சிங்க் பைரிதியோன். கழுவிய பிறகும் அதன் நுண்துகள் கொஞ்சம் தோலில் தங்கும் என்பதால் காவலுக்கு அது நல்லது. அதை மட்டும் தனியாகப் பாவித்தபோது என் தலைக்குப் போதவில்லை, இந்த இடத்தில் வைத்தபோது போதும்.

செலினியம் சல்பைட் 2.5 சதவீதத்தை நான் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பூஞ்சையையும் குறைக்கும், தோல் உரியும் வேகத்தையும் குறைக்கும், அதனால் ஏப்ரல் புழுக்கத்தில் செதில் தடித்துப் பிசுபிசுவென்று ஒட்டும்போது கீட்டோகோனசோலுக்குப் பதிலாக இரண்டு கிழமை, கிழமைக்கு இரண்டு தரம், மூன்று நிமிடம் மட்டும். மணம் சகிக்காது. வெள்ளிச் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள், கறுத்துவிடும். அப்பா கேட்காமல் எடுத்துப் போட்டு அரைகுறையாகக் கழுவியதில் அவருடைய நரை மஞ்சளாகிவிட்டது, ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நரைத்த, சாயம் பூசிய முடிக்கு இது வேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஆறு கிழமையில் குறையாவிட்டால், அல்லது முடி ஓரத்தைத் தாண்டி வெள்ளித் தகடு போலத் தடித்த செதில் வந்தால் அது பொடுகாக இல்லாமல் சொரியாசிஸாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். சின்னப் பிள்ளைக்குச் செதிலோடு முடியும் வட்டமாகக் கொட்டினால் ஷாம்பு போதாது, குளிசை வேண்டிவரும்.

மிஞ்சியது அம்மாவின் நல்லெண்ணெய். இரவு தடவிக் காலையில் முழுகச் சொல்வார், அடுத்த இரண்டு நாளும் எனக்கு அரிப்புத்தான். சண்டை பிடித்துப் பார்த்து, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம்: ஞாயிறு முழுகுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, முடியில் மட்டும், தோலில் படாமல்.