சொந்த ஜெனரேட்டரில் யூனிட் என்ன விலை? விற்பவர் தந்த கணக்கை நம்பி ஏமாந்தேன்

இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆலைக்கென்று 500 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினோம். அதாவது 400 கிலோவாட். வாங்கச் சொல்லி முதலாளியிடம் பேசியவன் நான். விற்க வந்தவர் ஒரே ஒரு தாள் கொடுத்தார். எரிபொருள், ஆள் கூலி, பராமரிப்பு, தேய்மானம் என்று நான்கு வரி, அடியில் யூனிட் விலை. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தைவிடக் குறைவு என்று அந்தத் தாள் சொன்னது. இன்று எங்களுக்கு ஆகும் செலவு அதைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல். அதே மாதிரி தாள் உங்கள் மேசைக்கும் வரலாம் என்பதால் முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

டீசல் விலை ஊருக்கு ஊர் மாறும். அதனால் எல்லாச் செலவையும் டீசல் லிட்டராக மாற்றி, நூறு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்று சொல்கிறேன். அவர் தாளில் எரிபொருள் 25 லிட்டர், மற்ற மூன்றும் சேர்த்து அரை லிட்டருக்குச் சற்று மேல், மொத்தம் 25.6. வெளி மின்சாரம் அப்போது எங்களுக்கு 30 லிட்டர் கணக்கில் வந்தது. லாபம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று கையெழுத்துப் போட்டோம்.

முதல் மூன்று மாதம் டீசல் பில்லைப் பார்த்து, திருட்டு நடக்கிறது என்றே நினைத்தேன். அந்தச் சந்தேகத்தில் ஆபரேட்டர்களிடம் நான் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அது என் தப்பு. கடைசியில் மூத்த ஆபரேட்டர் அண்ணன்தான், "சார், ஒரு நாள் நீங்களே பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள்" என்றார். காலை ஆறு மணிக்கு டேங்கில் அளவுகோலை இறக்கி, எண்ணெய் நனைந்த கோட்டைக் குறித்துக்கொண்டோம். மீட்டரையும் எழுதினோம். மறுநாள் அதே ஆறு மணிக்கு மறுபடி அளந்தோம். 24 மணி நேரத்தில் 1,010 லிட்டர் போயிருந்தது, மீட்டரில் 3,360 யூனிட் ஏறியிருந்தது. நூறு யூனிட்டுக்கு 30 லிட்டர். ஒரு சொட்டுகூடத் திருட்டு இல்லை.

3,360 யூனிட்டை 24 மணியால் வகுத்தால் சராசரி 140 கிலோவாட். 400 கிலோவாட் எஞ்சின் 35 சதவீத லோடில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சும்மா சுற்றுவதற்கே மணிக்குச் சில லிட்டர் வேண்டும். லோடு அதிகமாக இருந்தால் அது நிறைய யூனிட்டுகளில் பரவிவிடும், குறைந்தால் இருக்கிற கொஞ்ச யூனிட் தலையில் விழும். 25 லிட்டர் என்பது முக்கால் லோடிலிருந்து முழு லோடு வரை கிடைக்கும் அளவு. அது பொய்யில்லை, எங்களுக்குப் பொருந்தாத உண்மை. புகைக்குழாய் மூட்டுகளில் கறுப்பாக எண்ணெய் கசிந்து வழிந்துகொண்டிருந்ததும் இதனால்தான். குறைந்த லோடில் சூடு போதாமல், எரியாத டீசலும் கரியும் அங்கே சேரும். அதைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த மீட்டர் காட்டியது ஜெனரேட்டர் முனையில் உற்பத்தியானதை. அறைக் காற்றாடி, டீசல் பம்ப், பேட்டரி சார்ஜர், விளக்கு எல்லாம் அதிலிருந்தே எடுக்கின்றன, நாளுக்கு 120 யூனிட். ஆலைக்குப் போய்ச் சேர்வது 3,240 தான். ஆக எரிபொருள் மட்டுமே 31.2 லிட்டர். வெளி மின்சாரத்தின் விலையை அதுவே தாண்டிவிட்டது.

அப்புறம்தான் மற்ற மூன்று வரிகளைத் திரும்பப் பார்த்தேன். உண்மையான தந்திரம் அங்கே இருந்தது. வருடச் செலவை அவர் வகுத்த எண் 32 லட்சம் யூனிட். 400 கிலோவாட்டை 8,000 மணி நேரம் முழு லோடில் ஓட்டினால் வரும் எண் அது. நாங்கள் வருடத்துக்கு 300 நாள் ஓட்டுகிறோம், ஆலைக்குக் கிடைப்பது 9 லட்சத்து 72 ஆயிரம். கீழே இருக்கும் எண்ணை மூன்று மடங்குக்கும் மேலாக ஊதிவிட்டால் மேலே எந்தச் செலவும் சிறிதாகத்தான் தெரியும்.

மேலே இருந்த தொகைகளும் குறைவுதான். "ஷிஃப்டுக்கு ஒருத்தர் போதும் சார்" என்று மூன்று பேர் சம்பளம் போட்டிருந்தார். வார விடுமுறைக்கும் லீவுக்கும் மாற்று ஆள் வேண்டாமா? நான்கு ஆபரேட்டர், ஒரு எலக்ட்ரீசியன், ஆக ஐந்து பேர். எங்கள் சம்பளத்தில் வருடத்துக்கு 15,000 லிட்டர் மதிப்பு, நூறு யூனிட்டுக்கு 1.5 லிட்டர்.

பராமரிப்பு என்று அவர் எழுதியது வருட ஒப்பந்தத் தொகையை மட்டும். எங்கள் எஞ்சினுக்கு 250 மணிக்கு ஒரு தடவை ஆயில், ஃபில்டர் மாற்ற வேண்டும். 7,200 மணி ஓடினால் வருடத்துக்கு 28, 29 தடவை. அது போக, 12,000 மணி அளவில் எஞ்சினைப் பிரித்து முழு ஓவராலிங். அந்தச் செலவு வரும் வருடத்தில் மட்டும் எழுதினால் மற்ற வருடங்கள் பொய் லாபம் காட்டும், அதனால் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறேன். சேர்த்து 2.1 லிட்டர்.

தேய்மானத்தை எஞ்சின் விலைக்கு மட்டும், 20 வருடத்துக்குப் பிரித்திருந்தார். வருடத்துக்கு 7,200 மணி என்றால் 20 வருடத்தில் 1,44,000 மணி. இந்த அளவு எஞ்சினை அவ்வளவு நாள் ஓட்டும் கணக்கு நடக்காது. நான் 36,000 மணி, அதாவது ஐந்து வருடம் வைத்தேன். அஸ்திவாரம், கொட்டகை, டேங்க், பேனல், கேபிள் எல்லாம் எஞ்சின் விலையில் பாதி வந்தது, அவற்றுக்குப் பத்து வருடம். இதுவும் 1.5 லிட்டர். (கடன் தவணையில் வரும் அசலை இதோடு சேர்க்காதீர்கள், ஒரே செலவை இரண்டு தடவை எழுதியதாகிவிடும். வட்டியைத் தனியாகச் சேர்க்கலாம், நான் இங்கே சேர்க்கவில்லை.)

மொத்தம் 36.3 லிட்டர். தாளில் இருந்தது 25.6.

விற்றவரிடம் கேட்டேன். கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முக்கால் லோடுக்கான அளவு, ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்ற சிறிய எழுத்தைக் காட்டினார். எங்கள் லோடு என்ன என்று அவர் கேட்கவே இல்லையே என்றேன். "நீங்கள் சொல்லவில்லையே சார்" என்றார். இயந்திரங்களின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் மின் அளவுகளைக் கூட்டி, ஒரு பெரிய கம்ப்ரெஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டையும் சேர்த்துத்தான் 500 கேவிஏ என்று முடிவு செய்தவர் அவர். இரண்டு வாரம் லோடு மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

போன மாதம் அந்தக் கம்ப்ரெஸருக்கு, கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டு, 200 கிலோவாட் செட் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தோம். அதே அளவுகோல், அதே காலை ஆறு மணி: 3,360 யூனிட்டுக்கு 880 லிட்டர். வாங்குவதற்கான ஒப்பந்தத்தில் இந்தத் தடவை நானே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எங்கள் லோடில், ஆலைக்குள் வரும் மீட்டரில், டேங்க் அளந்து 72 மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை.