விலை ஏறும்போது சராசரி முறைக்கு மாறினால் வரி மிச்சம் என்று சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் கவனம்

சரக்கு வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "விலை ஏறிக்கொண்டே போகிறது, சரக்கிருப்பை மதிப்பிடும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் வரி மிச்சமாகும், மிச்சத்தில் எனக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு வரி ஆலோசகர் இப்படிச் சொல்லி மூன்று ஆண்டுகள் என்னிடம் கட்டணம் வாங்கினார். அந்த மூன்றில் இரண்டு ஆண்டுகள், அவர் சொன்ன முறையால் எனக்கு வரி கூடத்தான் செய்தது. அந்த ஆண்டுகளுக்கும் "மிச்சம்" என்று ஒரு தொகை எழுதி, அதில் பங்கு கேட்டார். நானும் கொடுத்தேன்.

நான் செம்புக் கம்பிச் சுருள் வாங்கி விற்கிறேன். முன்பு ஃபிஃபோ முறையில், அதாவது முதலில் வந்த சரக்கே முதலில் போகிறது என்று கணக்கு எழுதினோம். விலை ஏறும் காலத்தில் இதன் விளைவு என்ன? பழைய, மலிவான விலைகள் விற்பனைச் செலவில் போய்விடும். இருப்பில் நிற்பது கடைசியாக வாங்கிய உயர்ந்த விலை. செலவு குறைவாகத் தெரிவதால் லாபம் கூடும், வரியும் கூடும். நிறையிட்ட சராசரி முறையில் பழைய விலையும் புதிய விலையும் கலந்துவிடும். அதனால் செலவு கொஞ்சம் ஏறும், லாபம் கொஞ்சம் இறங்கும். ஆலோசகர் இதுவரை சொன்னது சரிதான். "சார், விலை ஏறுகிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் இந்த மிச்சம் உங்களுக்கு உண்டு" என்று அடுத்து சொன்னாரே, அதுதான் பொய்.

என் கணக்கையே அளவைச் சுருக்கி, எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கித் தருகிறேன். வரி விகிதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பங்கு, அவர் எழுதும் மிச்சத்தில் 20 சதவீதம்.

முதல் ஆண்டின் தொடக்கத்தில் 100 சுருள் இருப்பு, ஒன்று 100 வீதம். ஆண்டு நடுவில் 200 சுருள் 115 வீதம் வாங்கினோம், கடைசியில் 100 சுருள் 130 வீதம். மொத்தம் 400 சுருள், அடக்கம் 46,000. விற்றது 300, மிச்சம் 100. ஃபிஃபோவில் அந்த 100 சுருளும் 130 விலையில் நிற்கும், இருப்பு 13,000. சராசரியில் ஒரு சுருள் 115, இருப்பு 11,500. இருப்பு 1,500 குறைந்ததால் விற்ற சரக்கின் அடக்கம் 1,500 கூடியது, லாபம் அதே அளவு குறைந்தது, வரி 450 குறைந்தது. அவருக்கு 90 போனது. இந்த ஆண்டில் எந்தக் குறையும் இல்லை. 450 உண்மையிலேயே கையில் நின்றது.

இரண்டாம் ஆண்டும் விலை ஏறியது. 200 சுருள் 140 வீதம், 100 சுருள் 145 வீதம் வாங்கினோம். விற்றது மீண்டும் 300. ஃபிஃபோவில் இறுதி இருப்பு 14,500. சராசரி முறையில் பழைய 11,500-ஐயும் சேர்த்தால் மொத்த அடக்கம் 54,000, சுருளுக்கு 135, இருப்பு 13,500. வித்தியாசம் 1,000. ஆலோசகரின் அறிக்கை இந்த இரண்டு வரிகளோடு முடிந்துவிட்டது: ஃபிஃபோ இருப்பு இவ்வளவு, சராசரி இருப்பு இவ்வளவு, வித்தியாசம் 1,000, மிச்சமான வரி 300, என் பங்கு 60.

ஆனால் ஒரு ஆண்டின் லாபத்தை இறுதி இருப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. தொடக்க இருப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. போன ஆண்டு இருப்பை 1,500 குறைத்து எழுதினோம். அந்தக் குறைந்த இருப்புதான் இந்த ஆண்டின் தொடக்கம். அதாவது இந்த ஆண்டின் செலவில் 1,500 குறைவாகவே வந்து சேர்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிஃபோவில் தொடக்கம் 13,000, கொள்முதல் 42,500, இறுதி 14,500, ஆக விற்ற சரக்கின் அடக்கம் 41,000. சராசரியில் தொடக்கம் 11,500, கொள்முதல் அதே 42,500, இறுதி 13,500, அடக்கம் 40,500. சராசரி முறையில் செலவு 500 குறைவு, லாபம் 500 கூடுதல், வரி 150 கூடுதல். விலை ஏறிய ஆண்டிலேயே இப்படி.

இந்த இடம் பலருக்கு நம்பக் கடினமாக இருக்கிறது, எனக்கும் இருந்தது. விலை ஏறினாலே சராசரியில் லாபம் குறையும் என்பது பாதி உண்மைதான். ஆண்டுக்கான விளைவு எதிலிருந்து வருகிறது என்றால், இரண்டு முறைகளின் இருப்புக்கும் இடையிலான இடைவெளி ஆண்டின் தொடக்கத்தைவிட முடிவில் விரிந்ததா சுருங்கியதா என்பதிலிருந்து. முதல் ஆண்டில் இடைவெளி பூஜ்யத்திலிருந்து 1,500 ஆக விரிந்தது, வரி குறைந்தது. இரண்டாம் ஆண்டில் விலை 130-லிருந்து 145 வரை ஏறினாலும், முந்தைய ஆண்டின் வேகம் இல்லை. இடைவெளி 1,000 ஆகச் சுருங்கியது, வரி கூடியது. இருப்பின் அளவு மாறாமல் இருந்தால், ஏற்றம் மேலும் மேலும் வேகம் எடுத்தால்தான் இடைவெளி விரிந்துகொண்டே போகும். ஒரே வேகத்தில் ஏறினால் ஒரு கட்டத்துக்கு மேல் இடைவெளி நின்றுவிடும், அப்போது ஆண்டு மிச்சமும் நின்றுவிடும். இல்லையென்றால் சரக்கிருப்பு ஆண்டுக்கு ஆண்டு பெருக வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் விலை 145-லேயே நின்றது. 300 வாங்கினோம், 300 விற்றோம். சராசரி இருப்பு 14,250, ஃபிஃபோ இருப்பு 14,500, இடைவெளி 250. உண்மையில் வரி 225 கூடியது. அவர் அறிக்கையில் "மிச்சம் 75", பங்கு 15.

மொத்தமாகக் கூட்டினால் 450 குறைந்து, 150 கூடி, 225 கூடி, நிகரமாக 75 மட்டுமே தள்ளி நிற்கிறது. நான் கட்டணமாகக் கொடுத்தது 165. அந்த 75-ம் மிச்சமல்ல, தள்ளிவைத்த வரி. இருப்பு தீர்ந்தாலோ விலை இறங்கினாலோ அதுவும் வந்து சேரும். இடைப்பட்ட காலத்தில் பணம் கையில் இருந்ததற்கு ஒரு பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் அளவு அந்தத் தொகைக்கான வட்டிதான்.

இடைவெளி ஏன் இவ்வளவு வேகமாகக் கரைந்தது? சராசரி முறை பழைய விலையைப் பாதுகாத்து வைப்பதில்லை. ஆண்டுக்குக் கைக்கு வரும் 400 சுருளில் 100 மட்டும் மிஞ்சினால், பழைய விலையின் சுவட்டில் கால்பங்குதான் அடுத்த ஆண்டுக்குப் போகும். மூன்றாம் ஆண்டில் 1,000 அப்படியே 250 ஆனதைக் கவனியுங்கள். சரக்கு வேகமாகச் சுழலும் தொழிலில் இந்த இடைவெளி ஆரம்பத்திலேயே சிறியது, கரைவதும் சீக்கிரம். பழைய விலை ஆண்டுக்கணக்கில் இருப்பில் தங்கி, வரி நீண்ட காலம் தள்ளிப்போகும் என்பது லிஃபோ முறைக்குச் சொல்லப்படுவது, அதாவது கடைசியில் வந்தது முதலில் போகும் முறைக்கு. சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 2 அதை 2003 திருத்தத்திலேயே நீக்கிவிட்டது. அமெரிக்காவில் இன்னும் அனுமதி உண்டு. என் ஆலோசகர் காட்டிய விளக்கப்படங்கள் லிஃபோவுக்குப் பொருந்துபவை. அவற்றை வைத்துச் சராசரி முறையை விற்றார்.

அவர் சொன்ன இன்னொன்று: "விலை இறங்க ஆரம்பித்தால் திரும்ப ஃபிஃபோவுக்கு மாறிக்கொள்ளலாம் சார்." இதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஐஏஎஸ் 2 ஃபிஃபோ, சராசரி இரண்டையும் ஏற்கிறது, ஆனால் ஒரே தன்மையும் பயன்பாடும் உள்ள சரக்குக்கு ஒரே முறையைத்தான் கையாள வேண்டும். கணக்குக் கொள்கையை நாமாக மாற்ற வேண்டுமென்றால், ஐஏஎஸ் 8 சொல்வது, புதிய முறை நம்பகமான, மேலும் பொருத்தமான தகவலைத் தர வேண்டும் என்று. வரி குறையும் என்பது அதற்குக் காரணமாகாது. மாற்றினாலும், முடிந்தவரை முந்தைய ஆண்டுகளுக்கும் புதிய முறையில் கணக்கைத் திருத்திக் காட்ட வேண்டும். வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. மாற்றத்துக்கு முன் அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த, மிச்சத்தில் பங்கு கேட்காத ஒருவரிடம் கேளுங்கள்.

சராசரியிலும் இரண்டு வகை உண்டு, இதையும் அவர் சொல்லவில்லை. நான் மேலே போட்டது ஆண்டு முடிவில் ஒரே தடவை எடுக்கும் சராசரி. பல கணக்கு மென்பொருள்கள் ஒவ்வொரு கொள்முதலுக்குப் பிறகும் சராசரியைப் புதிதாகக் கணக்கிடும். முதல் ஆண்டில் நாங்கள் முதல் கொள்முதலுக்கு முன் 80, அடுத்த கொள்முதலுக்கு முன் 200, பிறகு 20 என்று விற்றிருந்தோம். அந்த வரிசையில் நகரும் சராசரி எடுத்தால் இறுதி இருப்பு 12,727 வருகிறது. ஃபிஃபோவோடு இடைவெளி 1,500 அல்ல, 273 மட்டுமே. உங்கள் மென்பொருள் எந்தச் சராசரியில் ஓடுகிறது, அறிக்கை எந்தச் சராசரியில் எழுதப்பட்டது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்த அறிக்கைக்கு அர்த்தமே இல்லை.

என் கணக்கை இப்போது பார்ப்பவர் முதலில் கேட்டது ஒரே தாள்தான்: ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டு முறையிலும் தொடக்க இருப்பு, கொள்முதல், இறுதி இருப்பு, அடக்கம், அத்துடன் தொடக்க இருப்பு போன ஆண்டின் இறுதி இருப்போடு ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பு. அப்புறம், எல்லா ஆண்டுகளையும் கூட்டினால் வரும் தொகை, இன்றைய இடைவெளியை வரி விகிதத்தால் பெருக்கிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வழியிலும் 75 வந்தது. ஆலோசகரின் மூன்று அறிக்கைகளைக் கூட்டினால் 825 வருகிறது.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதில் மிச்சம் என்பதற்கு "ஆண்டு இறுதிச் சரக்கிருப்பு மதிப்பில் ஏற்படும் வித்தியாசத்தின் மீதான வரி" என்று விளக்கம் எழுதியிருந்தது. தொடக்க இருப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. உங்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைத் தேடுங்கள். "ஆண்டு முழுவதற்குமான வரிக்குரிய லாபத்தில், இரு முறைகளுக்கும் இடையிலான வித்தியாசம்" என்று இல்லாமல், இறுதி இருப்பு மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வரி கூடும் ஆண்டில் அவர் பங்கைத் திருப்பித் தருவாரா என்றும் எழுத்தில் கேளுங்கள்.