ரிப்போர்ட்டில் எல்லாமே 200, ஹாலில் மூச்சு முட்டுகிறது

ஏமாந்த கதைதான். யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடும் முன் படித்தால் போதும்.

எங்கள் பயிற்சி மையத்தில் 120 பேர் உட்காரும் ஹாலுக்கு வெளிக்காற்று கொண்டுவரும் ஃபேனும் டக்டும் போட்டோம். மொத்தம் 2000 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 2000 கனஅடி. கூரையில் காற்று வெளிவரும் பத்து டிஃப்யூசர், ஒவ்வொன்றுக்கும் 200. பத்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம்.

வேலை முடிந்ததும், எல்லாவற்றையும் அளந்து சரிபார்த்ததாகச் சொல்லும் ஏழு பக்க கமிஷனிங் ரிப்போர்ட் வந்தது. 199, 201, 200, 202... பத்து வரியிலும் 'பாஸ்'. எவ்வளவு சுத்தமான வேலை என்று மகிழ்ந்து, கடைசித் தவணை 85,000 ரூபாயையும் கொடுத்துவிட்டேன். அந்தச் சுத்தம்தான் சந்தேகம் தந்திருக்க வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்து டிஃப்யூசரும் கடைசி டிஃப்யூசரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரை எவ்வளவு திருகினாலும் இப்படி ஒரே மாதிரி வருவது அபூர்வம்.

வகுப்பு தொடங்கி ஒரு வாரத்தில், மதியம் ஆனால் ஹாலே தூங்கி விழுந்தது. ஸ்டூலில் ஏறி டிஃப்யூசரில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்தேன். லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

தெரிந்த பொறியாளர் ஒருவர், டிஃப்யூசரை மூடிப் பிடித்துக் காற்றை அளக்கும் ஃப்ளோ ஹூட் கொண்டுவந்து அளந்தார். முதல் டிஃப்யூசரில் 118, கடைசியில் 52. பத்தும் சேர்த்து 870. அப்புறம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைக் காட்டி, "மெயின் டக்டில் பிட்டோ குழாய் வைத்து 2005 அளந்ததாக எழுதியிருக்கிறார்கள். குழாய் நுழைத்த ஓட்டை எங்கே?" என்றார். டக்ட் முழுக்கத் தேடினோம். அடைத்த ஓட்டைகூட ஒன்று இல்லை.

பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, சுற்றி அடங்கும் புல்லியைப் பார்க்கச் சொன்னார். உறையில் அம்புக்குறி ஒரு பக்கம், புல்லி எதிர்ப்பக்கம். மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தன. இந்த வகை சென்ட்ரிஃப்யூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், அளவு மட்டும் விழுந்துவிடும். அதனால் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் 'சுழலும் திசை: சரி' என்று டிக்கும் இருக்கிறது!

எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்ற கால் மணி நேரம். மொத்தம் 1960 ஆனது. ஆனால் முதல் டிஃப்யூசரில் 255, கடைசியில் 150. அருகிலிருந்த டேம்பர்களைக் கொஞ்சம் மூடி மூடி, மறுபடி மறுபடி அளந்ததில் பாதி நாள் போனது. முடிவில் மொத்தம் 1910, டிஃப்யூசர்கள் 183 முதல் 204 வரை.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். "சார், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். போட்டது உண்மை. அடுத்த மாடிக்கான வொர்க் ஆர்டரில் இப்போதே எழுதிவிட்டேன்: நான் பக்கத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும், மீட்டரின் காலிபரேஷன் சான்றிதழ் நகலை இணைக்க வேண்டும், நான் சொல்லும் மூன்று டிஃப்யூசர்களை மறுபடி அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணை.